உங்கள் பஸ் செயலியில் மூன்று பிழைகள்

என் வேலை மின்னஞ்சல்களைத் திறக்காமல் விடுவது. சம்பளம் தருகிறவர்கள் இதற்கு ஆட்சேர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் நகரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், நாலு மேசை போட்ட அலுவலகம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற கம்பனிகளுக்கு இங்கிருந்து ஆள் தேடிக் கொடுக்கிறோம். காலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால், முன்பின் தெரியாத பிள்ளைகள் வேலை கேட்டு எழுதியவை வரிசையாகக் கிடக்கும். அனுப்பியவரின் பெயரும் தலைப்பு வரியும்தான் என் கண்ணுக்குத் தெரியும். ஒரு வரிக்கு மூன்று செக்கனுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. கொடுக்க நேரமுமில்லை, உண்மையைச் சொன்னால் மனமுமில்லை.

ஒரேயொரு வரி வந்தால் மட்டும் கை தானாகப் போய்த் திறந்துவிடும். அதை எழுதியவள் என் சிநேகிதி. அதைக் கெடுத்தவள் நான்.

நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். படிப்பு முடிந்தபிறகும் அவள் பலாலி வீதிக்குப் பக்கத்திலிருந்த வாடகை அறையை விடவில்லை. அவளுடைய வீடு காங்கேசன்துறைப் பக்கம், கடற்கரையோரம். அங்கே போனில் ஒரு கோடு சிக்னல் வந்தால் அன்றைக்குத் திருவிழா. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறா. இவள் உயர்தரம் படிக்கிறபோது போனவ, இவள் பட்டம் வாங்கியபோதும் அங்கேதான் நின்றா. பட்டமளிப்புப் படத்தைப் போனில் பார்த்து, "கொஞ்சம் மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்று மட்டும் சொன்னாவாம்.

தாயின் ஒப்பந்தம் அடுத்து வந்த தை மாதத்தோடு முடிகிறது. மகளுக்கு வேலை கிடைத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவா. கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து. இதுதான் அவளுக்கு முன்னால் இருந்த கணக்கு. புரட்டாதியில் நாங்கள் மெயில் அனுப்பத் தொடங்கினோம், நாலு மாதம் இருந்தது.

விளம்பரம் வந்த வேலைகளுக்கெல்லாம் ஏற்கனவே விண்ணப்பித்துக் களைத்திருந்தோம். கம்பனி இணையத்தளத்தில் போட்டால், கிடைத்தது நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வரும், பிறகு மரண அமைதி. ஆகவே ஆட்சேர்ப்பு செய்கிறவர்களுக்கே நேராக எழுதிப் பார்க்கத் தீர்மானித்தோம். இருவருக்கும் வேண்டியது ஒரே வகை வேலை. மென்பொருளைப் பாவித்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற சோதனையாளர் வேலை, அதிலும் பயிலுநர் இடம்.

என் முதல் தலைப்பு வரி, "தரச் சோதனைப் பயிலுநர் பதவிக்கான விண்ணப்பம்" என்று தமிழில் சொல்லலாம். எழுதியதென்னவோ ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கிய அதே அச்சு. முப்பது பேருக்கு அனுப்பினேன். ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அம்மா, "ராகுகாலம் பாத்தோ அனுப்பினனி?" என்று கேட்டா. ஏன் பொய் சொல்ல, அடுத்த பத்தையும் பார்த்துத்தான் அனுப்பினேன்.

சிநேகிதி வேறு வகை ஆள். அவள் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஒரு நாள் என் போனை வாங்கி, என் வரியை எனக்கே அனுப்பிக் காட்டினாள். போன் திரையில் "பதவிக்கான விண்ணப்பம்" என்ற ஆங்கிலச் சொற்கள் வந்தன, என்ன பதவி என்று வருவதற்குள் திரை முடிந்து மூன்று புள்ளி.

"உந்த எச்.ஆர். ஆக்கள் கூடுதலாப் போனிலைதான் பாப்பினம்" என்றாள். "முதல் அஞ்சாறு சொல்லுதான் தெரியும். நீ அந்த இடத்தை விண்ணப்பம் எண்டு சொல்லியே முடிச்சிட்டாய். விண்ணப்பம் எண்டு அவைக்குத் தெரியாதே?"

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் என் ஊருக்கு பஸ்ஸில் போகும்போது அவள் பத்துப் பன்னிரண்டு தலைப்பு வரிகளை என் போனுக்கு அனுப்புவாள். கடைக்காரரின் விளம்பரங்களுக்கும் வங்கி மெயில்களுக்கும் நடுவில் அவை வந்து விழும். நான் கொழும்பில் குளிரறையில் இருக்கிற, பசியும் எரிச்சலும் பிடித்த எச்.ஆர். அம்மாவாக என்னை நினைத்துக்கொண்டு, மூன்று செக்கனுக்குள் திறக்கவேண்டும், அல்லது விடவேண்டும். ஏன் திறந்தேன், ஏன் விட்டேன் என்று பிறகு அவளுக்குச் சொல்லவேண்டும். "கடின உழைப்பாளி" என்று தொடங்கியதை விட்டேன். எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள். "அவசரம்" என்றதை விட்டேன். அவசரம் அவளுக்கு, எனக்கென்ன? முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்ததும் யாரோ காதுக்குள் கத்துவதுபோல இருந்தது, அதையும் விட்டேன். கம்பனியின் பெயரையோ அது செய்கிற பொருளையோ சொல்லி, ஏதாவது ஒரு திட்டமான விஷயத்தோடு வந்ததை மட்டும் கை திறந்தது.

எனக்கு அவளுடைய பொறுமை இல்லை. எந்த வேலையிலும் குறுக்குவழி தேடுகிற புத்தி எனக்கு. ஒருநாள் ஒரு தந்திரம் செய்தேன். தலைப்புக்கு முன்னால், ஏற்கனவே வந்த மெயிலுக்குப் பதில் எழுதும்போது தானாக விழுமே "Re" என்று இரண்டு எழுத்து, அதை நானே போட்டு அனுப்பினேன். முன்னமே கதைத்த ஆள் என்று நினைத்துத் திறப்பார்கள் அல்லவா? திறந்தார்கள். இரண்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் மனிதப் பதில் அதற்குத்தான் வந்தது. "நாம் இதற்கு முன் பேசியதாக நினைவில்லை." அவ்வளவுதான், வணக்கமும் இல்லை.

"கதைக்காத ஆளோடை கதைச்சமாதிரி நடிச்சா, திறந்த உடனை கோவம்தானே வரும்" என்று அவள் ஏசினாள். "திறக்கப்பண்ணுறது பெரிய விசயமில்லையடி. திறந்தாப் பிறகு உள்ளுக்கை நீ சொன்னது இருக்கவேணும்."

மெயில் திறக்கப்பட்டால் காட்டிக்கொடுக்கிற ஓர் இலவசக் கருவியையும் போட்டு வைத்திருந்தோம். ஒருநாள் அவள் அனுப்பி நாலு செக்கனில் திறந்ததாகக் காட்டியது. இரண்டு பேரும் துள்ளினோம், சந்தைப்பக்கம் போய் வடை வாங்கித் தின்றோம். இந்த வேலைக்கு வந்தபிறகுதான் தெரியும், கம்பனிகளில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இயந்திரம் மனிதருக்கு முதலே மெயிலைத் திறந்துவிடும் என்று. நாங்கள் வடை தின்றது ஓர் இயந்திரத்தின் தயவில்.

ஐப்பசி போய்விட்டது. கார்த்திகை மழையில் அறையின் சுவர் பாசி பிடித்தது. தாய் போன் எடுக்கும்போதெல்லாம் வேலையைப்பற்றி ஒரு சொல் கேட்கமாட்டா என்று அவள் சொன்னாள். கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அந்த மழைக்குள்தான் அவள் அந்த பஸ் செயலியைக் கையில் எடுத்தாள். கொழும்புக் கம்பனி ஒன்று செய்தது, தூரப் பயண பஸ்களில் ஆசனம் பதிவதற்கு. மூன்று நாள் அதையே நோண்டினாள். தமிழுக்கு மாற்றினால் காங்கேசன்துறை என்ற பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. ஓர் ஆசனத்தைத் தெரிவுசெய்துவிட்டுப் பின்னால் போய் மறுபடி வந்தால், ஒரு ஆளுக்கு இரண்டு ஆசனம் பிடிபட்டது. மூன்றாவது பிழைதான் அவளுக்குப் பிடித்தது. திரும்பி வருகிற திகதியை, போகிற திகதிக்கு முன்னால் வைத்தாலும் அது மறுக்காமல் ஏற்றுக்கொண்டது.

"பாரடி, உதிலை போக முதலே திரும்பி வரலாம்" என்று சிரித்தாள். "அம்மாக்கு இதிலை ஒரு ரிக்கெற் போடவேணும்."

ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தால் பிழை வருகிறது என்று படிப்படியாக எழுதி, திரைப் படங்களும் எடுத்து ஒரே பக்கத்தில் அடுக்கினாள். அந்தக் கம்பனியின் ஆட்சேர்ப்பு செய்கிற பெண்ணின் முகவரியைத் தேடி எடுத்தாள். தலைப்பு வரி இதுதான்: "உங்கள் பஸ் செயலியில் மூன்று பிழைகள் - சோதனைப் பயிலுநர், யாழ்ப்பாணம்." விஷயம் முன்னால், ஆள் யார் என்பது பின்னால். போனில் பாதி வெட்டுப்பட்டாலும் வெட்டுப்படாமல் நிற்கிற பாதி போதும். எனக்கு அனுப்பிப் பார்த்தாள். நான் ஒரு செக்கன்கூட யோசிக்கவில்லை.

அன்று பின்னேரமே பதில் வந்தது. மறுநாள் வீடியோவில் முதல் நேர்முகம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "கனகாலத்துக்குப் பிறகு பார்த்த உடனே திறந்த மெயில் உங்களுடையது" என்று சொன்னாவாம். மூன்று பிழையையும் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியாகிவிட்டது. வியாழக்கிழமை அந்தப் பிரிவின் பொறுப்பாளரோடு இரண்டாவது நேர்முகம். அது சரிவந்தால் தையில் வேலை.

"வியாழன் முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றாள்.

"ஓமடி" என்றேன்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

எங்கள் வகுப்புக்கு ஒரு போன் குறூப் இருந்தது. நோட்ஸ் குறூப் என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் ரியூசன் படித்து வளர்ந்த எவருக்கும் இது விளங்கும். ரியூசன் வாத்தியார், எங்கள் வாயில் சேர், சொல்லித்தந்த மாதிரி விடையைப் பாடமாக்கி, அதை அப்படியே பரீட்சைத் தாளில் இறக்குவது எங்கள் இரத்தத்தில் ஊறிய பழக்கம். நல்ல விடை ஒருத்தியிடம் இருந்தால் அது எல்லாரிடமும் இருக்கவேண்டும், ஒளித்து வைப்பவள் கள்ளி. பதினோராம் வகுப்பில் ஒரு கொப்பியை இரவல் கொடுக்க மறுத்ததற்காக எனக்கு அந்தப் பட்டம் கிடைத்து, இரண்டு வருடம் கூடவே வந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போகிறேன். குறூப்பில் ஒருவன், "ஆருக்காவது எச்.ஆர். பதில் போட்டிருக்கா? எப்பிடிப் போடவைக்கிறது?" என்று கேட்டிருந்தான். பத்துப் பேர் அழுகிற முகப் பொம்மை போட்டிருந்தார்கள். நான் உடனே பதில் போட நினைத்தேன். இரக்கத்தால் என்று சொல்ல ஆசைதான். இரக்கமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, எனக்குத் தெரியும் என்று காட்டுகிற ஆசை இருந்தது. எனக்கென்று ஒரு நல்ல பதிலும் வராத மூன்று மாதத்தில், பதில் வந்த ஒன்றுக்குப் பக்கத்திலாவது நிற்கவேண்டும்போல இருந்தது. அவள் கொழும்புக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி போட்டிருந்த மெயிலின் படத்தை எடுத்து, "இப்பிடிப் போட்டால் திறப்பினம், பதிலும் வரும்" என்று எழுதிக் குறூப்பில் போட்டேன். அவள் பெயரை மறைத்தேன். அந்தக் கெட்டித்தனம் மட்டும் இருந்தது. மேல் மூலையில் அந்தக் கொழும்புப் பெண்ணின் முகவரி முழுசாகத் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை.

மாதிரி விடை கிடைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? அப்படியே இறக்குவோம். புதன்கிழமை மத்தியானத்துக்குள் அந்த ஒரே முகவரிக்கு, அந்த ஒரே வரியோடு, இருபதுக்கு மேற்பட்டவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் அந்தச் செயலியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தலைப்பில் மூன்று பிழை, உள்ளே ஒரு பிழையும் இல்லை, வெறும் சுயவிவரம். ஒருத்தி யாழ்ப்பாணம் என்பதை எடுத்துவிட்டு மானிப்பாய் என்று போட்டிருந்தாள், அது அவளுடைய சொந்தச் சிந்தனை. இன்னொருவன் அதையே ஒரு வங்கிக்கும் அனுப்பினான். வங்கிக்கு ஏது பஸ்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான்தான் சேர்.

வியாழன் காலை நேர்முகம் இருக்கவில்லை. ஒரு மெயில் இருந்தது. மிகவும் மரியாதையாக எழுதப்பட்டது. ஒரே தலைப்போடு பல விண்ணப்பங்கள் கிடைத்ததால், அனுப்பப்பட்ட வேலை தங்களுடையதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை, ஆகவே இந்த ஆட்சேர்ப்பை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்.

அவள் அதற்குப் பதில் எழுதினாள். எந்த நாளில் எந்தப் பிழையைக் கண்டாள், எந்தப் போனில் கண்டாள், எல்லாம் விளக்கினாள். படங்களின் திகதியைக் காட்டினாள். யார் யார் எப்படிப் பார்த்து எழுதினார்கள் என்று ஒரு சொல் போடவில்லை. அதே மெயிலுக்குக் கீழேயே எழுதினாள், அதுதான் முறை என்று நினைத்து. பதில் வரவில்லை. இன்னொருமுறை எழுதினாள். அதற்கும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்கு இப்போது தெரியும் என்று நினைக்கிறேன். ஒரே தலைப்பில் குப்பை வந்து குவிந்தால் நாங்கள் ஒரு விதி போடுவோம், இந்தச் சொற்கள் தலைப்பில் இருந்தால் நேராக ஒதுக்கு என்று. பதில் மெயிலுக்கும் அதே தலைப்புத்தானே இருக்கும். அவள் அழுது எழுதிய இரண்டு மெயிலும் அந்தப் பெண்ணின் கண்ணில் படாமலே ஓர் ஒதுக்குப்புறப் பெட்டிக்குள் விழுந்திருக்கும். புதுத் தலைப்பில் எழுதியிருந்தால் ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கும். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

தை பிறந்து ஒரு கிழமையில் தாய் கையெழுத்து வைத்தா. இன்னும் இரண்டு வருடம்.

அவள் அறையைக் காலி செய்தபோது நான் போனேன். உடுப்புகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள், அடிப்பாள், எதுவென்றாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போன எனக்கு அவள் ஒன்றும் தரவில்லை. குறூப்பில் போட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். படத்தில் இருந்தது என் போனின் திரை.

"மன்னிச்சுக்கொள்ளடி" என்றேன்.

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். பிறகு, கோபமே இல்லாமல், பரீட்சைக்கு முன் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்: "நீ அந்த எச்.ஆரா இருந்தா, இருபது பேர் ஒரே வரியை அனுப்பினா, ஆற்றை மெயிலைத் திறப்பாய்?"

பஸ் தரிப்பிடம்வரை பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். காங்கேசன்துறை பஸ் வந்தது, ஏறினாள், யன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்தாள். அன்று பின்னேரம் குறூப்பிலிருந்து அவள் விலகினாள் என்று ஒரு வரி வந்தது. போன் இலக்கம் ஒரு மாதத்துக்குள் வேலை செய்யாமல் போனது. ஒருமுறை அவளுடைய வீட்டுப்பக்கம் போனேன். தகப்பன் வலைக்குப் பக்கத்தில் இருந்தார். "பிள்ளை கொழும்பிலை ஒரு கடையிலை நிக்குது" என்றார். எந்தக் கடை என்று கேட்டேன். "சொல்லவேண்டாம் எண்டு பிள்ளை சொன்னது" என்று நிலத்தைப் பார்த்தார்.

எனக்கு இந்த வேலை எந்தத் தலைப்பு வரியாலும் கிடைக்கவில்லை. மாமா ஒருவர் முதலாளியோடு கதைத்தார், அடுத்த கிழமை மேசை தந்தார்கள்.

அந்த வரி இன்னும் சாகவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வகுப்புகளுக்கும் யாரோ கையளித்திருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை எனக்கு வரும். எங்களிடம் பஸ் செயலியும் இல்லை, எந்தச் செயலியும் இல்லை. போன கிழமை பக்கத்து மேசை அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "உதுக்கொரு விதியைப் போட்டு விடுங்கோ தங்கச்சி, நெடுக அலுப்பு" என்றார். ஓம் அண்ணை என்று சொன்னேன். போடவில்லை. இன்று காலையும் ஒன்று வந்தது. திறந்தேன். தெரியாத ஒரு பெயர், வெறும் சுயவிவரம். இருபது பேர் அனுப்பினாலும் இருபதையும் திறப்பேன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இப்போது பதில் இருக்கிறது.

அவளுடைய மின்னஞ்சல் முகவரி மாறியிருக்காது என்று நம்புகிறேன். எழுதியும் வைத்திருக்கிறேன், இரண்டு பந்தி, எத்தனையோ முறை திருத்தியது. என் பெயரைப் பார்த்ததும் அவள் விட்டுவிடுவாள் என்று தெரியும். ஆகவே எல்லாம் அந்தத் தலைப்பு வரியில்தான் இருக்கிறது. "மன்னித்துக்கொள்" என்று போட்டுப் பார்த்தேன், அதை அவள் ஏற்கனவே கேட்டுவிட்டாள். "அம்மா வந்துவிட்டாவா" என்று போட்டேன், அதைக் கேட்க நான் யார்? இன்றும் வெறுமையாக விட்டு, அனுப்பு என்பதை அழுத்தினேன். தலைப்பு இல்லாமல் அனுப்பவா என்று அலுவலகக் கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்குப் போனேன்.